கோபி கல்யாணத்து மேடைக் கணக்கு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பின கோபி கல்யாண மேடை அலங்காரக் கணக்கைப் பார்த்தேன். 'பூ 2,400' என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். அது எப்படி வந்தது என்று பெண் வீட்டார் கேட்டால் என்ன சொல்வாய்?

மேடை அகலம் 20 அடி. அரை அடிக்கு ஒரு சரம் தொங்கவிட்டால், 40 சரம். ஒவ்வொன்றும் 8 அடி, ஆக 320 அடி. இனி ஒரு கிலோ செண்டுமல்லி வாங்கி, நீயே கோத்து அளந்து பார். போன மாதம் நான் கோத்தபோது 12 அடி வந்தது. பூ சிறுத்திருந்தால் அளவு மாறும், அதனால் ஒவ்வொரு முறையும் அளக்கணும். 12 அடி என்றால் 27 கிலோ. நசுங்கியதும் அழுகியதும் போக 30 கிலோ எடு.

நீ போட்ட கிலோ 80 ரூபாய் இன்றைய சந்தை விலை. கல்யாணம் தை முகூர்த்தத்தில். அன்றைக்குச் சத்தியமங்கலம் பூச்சந்தையில் ஏலம் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. 150-க்கு ஏறினால் 2,400 ரூபாய்ப் பூ 4,500 ஆகும். உன் லாபம் பூவிலேயே போய்விடும். பூவைத் தனி வரியாக்கி, 'முகூர்த்த நாள் சந்தை விலைப்படி' என்று எழுது. கோக்கும் கூலியையும் அதன் கீழேயே போடு.

அடுத்தது துணி. 'நம்ம கிட்ட இருக்கிற துணிதானே' என்று எதுவும் போடாமல் விட்டிருக்கிறாய். நானும் முதல் மூணு வருஷம் அப்படித்தான் விட்டேன். துணி சாயம் போய்க் கிழிந்தபோது, புதுசு வாங்கக் கையில் காசு இல்லாமல் உங்கம்மா வளையலை அடகு வைத்தோம். அந்தப் பின்திரைத் துணி 6,000 ரூபாய்க்கு வாங்கினது, 15 மேடைக்கு வரும். ஒரு மேடைக்கு 400. துவைத்துத் தேய்க்க 300 சேர். இரும்புச் சட்டம், பிளாஸ்டிக் பூ எல்லாத்துக்கும் இதே வழி. ஆனால் அவர்கள் கேட்டதற்காகவே வாங்கும் அந்த மயில்நிறத் துணியை வேறு யாரும் கேட்கமாட்டார்கள். அதன் முழு விலையையும் இவர்களிடமே வாங்கு.

லைட்டு வாடகை சரியாகத்தான் இருக்கிறது. ஜெனரேட்டர் மண்டபத்துடையதா என்று மட்டும் கேட்டுக்கொள்.

ஆள் கூலி நாலு பேருக்குப் போட்டிருக்கிறாய். ராத்திரி கட்டுகிறவர்களுக்கு அது சரி. மறுநாள் மத்தியானம் பிரிக்க ரெண்டு பேர் வேணுமே? வண்டியும் போட்டுவிட்டு வந்தால் போதாது, எடுக்கவும் போகணும். சின்ன யானைக்கு ரெண்டு நடை வாடகை போடு.

வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்பு கண்ணு. பூக்காரரிடம் 30 கிலோ என்று நான் முன்கூட்டியே சொல்லிவைக்கணும்.

அப்பா