தீர்ப்பை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் யூடியூப் குற்றக் கதைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அலறுகிற பின்னணி இசையைக் குறைத்து, குரலைத் தாழ்த்தி, ஆரம்பத்தில் ஓர் எச்சரிக்கை வாசகமும் போட்டுவிட்டால் வீடியோ கண்ணியமாகிவிடும் என்கிற மாதிரி முடித்திருந்தீர்கள். இந்த மாதிரி வீடியோக்களுக்குப் பின்னணியில் வாசிக்கிற உரையை எழுதுவதுதான் என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன், விஷயம் இசையில் இல்லை. மெதுவான குரலில், வயலின் பின்னணியில், விடுதலையான ஒருவரைக் கொலைகாரர் என்று நினைக்க வைத்துவிட முடியும். நிறையப் பேர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

நீங்களே உதாரணம் காட்டிய, சினிமாக் கிசுகிசுப் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தனின் கொலை வழக்கையே எடுத்துக்கொள்கிறேன். எண்பது வருடப் பழைய வழக்கு, எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள், ஆளாளுக்கு ஒரு வீடியோ போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "அந்தக் காலை, தன் உயிரைக் குடிக்கப்போகும் கத்தி தெருமுனையில் காத்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது..." அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது நமக்கு எப்படித் தெரிந்தது? அதே இடத்தில் நான் எழுதியது இது: "1944 நவம்பர் 8. சென்னை வேப்பேரியில் வழக்கறிஞர் நண்பர் ஒருவரைப் பார்த்துவிட்டு ரிக்ஷாவில் திரும்பிக்கொண்டிருந்த சி. என். லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். காயத்தோடு நண்பரின் வீட்டுக்கே திரும்பிப் போனார். அங்கிருந்து பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் இறந்தார்." விறுவிறுப்பு இல்லையென்று எடிட்டர் முகம் சுளித்தார். குத்துப்பட்ட ஒரு மனிதர் தானே நண்பரின் வீட்டைத் தேடிப் போகிறார், இதைவிட என்ன வேண்டும், இதற்கு மேல் இரத்தம் ஆறாக ஓட வேண்டுமா என்று கேட்டேன். விட்டுவிட்டார்.

நான் உரையை இரண்டு பத்தியாகப் பிரித்துத்தான் எழுதுவேன். இடது பக்கம் வாசிக்க வேண்டிய வாக்கியம், வலது பக்கம் அது எங்கிருந்து வந்தது. தீர்ப்பா, சாட்சியமா, அரசுத் தரப்பு வாதமா, அன்றைய பத்திரிகைச் செய்தியா, இல்லை பிற்காலத்தில் யாரோ சொன்ன கதையா என்று ஒரே சொல்லில் குறித்திருக்கும். வலது பக்கம் காலியாக இருந்தால் இடது பக்கமும் போய்விடும். நெற்றியில் வியர்வை, கொலைகாரனின் கண்ணில் வெறி, அன்றைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது, இதெல்லாம் இந்த ஒரு சல்லடையிலேயே உதிர்ந்துவிடும், தனியாக நாகரிகம் பார்க்க வேண்டிய வேலையே இல்லை.

ஆனால் இந்த வழக்கில் சிக்கல் அந்தக் கத்திக்குத்துக் காட்சியில் இல்லை, அதற்கு முந்தைய காட்சியில் இருக்கிறது. நடிகர்கள் தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு எல்லாரும் சேர்ந்து சதி செய்தார்கள், ஆள் ஏற்பாடு செய்தார்கள் என்று ஒரு ரகசியக் கூட்டத்தை வீடியோக்களில் அப்படியே நேரில் பார்த்த மாதிரி காட்டுவார்கள். மங்கலான விளக்கு, கை மாறுகிற நோட்டுக்கட்டு, பாதி முகம். சதி நடந்தது என்பது அரசுத் தரப்பின் கதை. அந்தக் கதையைத் தூக்கி நிறுத்தியதில் பெரும்பங்கு அப்ரூவரின் சாட்சியத்துக்கு. அப்ரூவர் என்றால் குற்றத்தில் தனக்கும் பங்கு உண்டென்று சொல்லி, மன்னிப்புப் பெற்று, மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வருகிறவர். அப்படிப்பட்டவர் சொல்வதை முக்கியமான விவரங்களில் வேறு சான்றும் உறுதிப்படுத்தாதவரை நம்பத் தகுந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை என்று அந்தக் காலத்துச் சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவே ஓர் எடுத்துக்காட்டில் சொல்லியிருந்தது. நீதிமன்றமே இவ்வளவு தயங்கி வாங்குகிற ஒரு பேச்சை நாம் நடிகர்களை வைத்துப் படம்பிடித்துக் காட்டிவிட்டால், பார்க்கிறவர் அதைச் சாட்சியமாக நினைக்க மாட்டார், நடந்ததாகவே நினைப்பார். கீழே பொடி எழுத்தில் 'சித்தரிப்பு' என்று போடுவதால் பெரிய பயன் இல்லை, கண் பார்த்ததை எழுத்து அழிக்காது.

அதற்காக ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் "என்று கூறப்படுகிறது" போட்டுக்கொண்டே போகவும் முடியாது. கேட்கிறவருக்குச் சலித்துவிடும், அதைவிட மோசம், யார் கூறினார்கள் என்பதே மறைந்துபோகும். நான் செய்வது, அந்தப் பகுதிக்குள் நுழையும்போதே "இனி வருவது அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் வைத்த கதை" என்று ஆளைச் சொல்லிவிடுவது, அந்தப் பகுதி ஓடுகிறவரை திரையில் அதையே ஒரு பட்டையாக வைத்திருப்பது, நடிகர்களை வைக்காமல் பழைய சென்னையின் தெருப் படங்களை மட்டும் ஓட்டுவது, முடியும்போது "அரசுத் தரப்பு கதை இத்தோடு முடிகிறது, எதிர்த்தரப்பு இதை மறுத்தது" என்று கதவைச் சாத்துவது. இதில் அந்தப் பட்டைதான் முக்கியம். முழு வீடியோவிலிருந்து நாற்பது விநாடியை மட்டும் வெட்டி வேறு யாராவது ஷார்ட்ஸாகப் போடுவார்கள், அது தனியாக ஊர் சுற்றும். அப்போது கூடவே போவது அந்தப் பட்டை மட்டும்தான்.

அப்புறம் தீர்ப்பு. 1945 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரி வைத்து நடந்த விசாரணையின் முடிவில் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள்காலத் தீவாந்தர தண்டனை, ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை. அதே வருடம் அப்பீலும் தள்ளுபடி. அந்தக் காலத்தில் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார்கள், அது வழக்கை மறுபடி ஆராயச் சொல்லித் திருப்பி அனுப்பியது, 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. இரண்டு வருடத்துக்கும் மேல் சிறை. இந்த வரிசையில் அப்படியே சொல்வதுதான் இயல்பு, கைது, தண்டனை, கடைசியில் திருப்பம் என்று கதைக்கும் அழகாக உட்காரும். ஆனால் இருபத்தைந்து நிமிட வீடியோவைக் கடைசிவரை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? எங்கே பார்க்கிறவர்கள் கழன்றுபோகிறார்கள் என்று யூடியூபே கோடு போட்டுக் காட்டுகிறது, எந்தச் சேனல்காரருக்கும் அது தெரியாத விஷயமில்லை. தண்டனை பாதியில் வருகிறது, விடுதலை கடைசியில் வருகிறது என்றால், நடுவில் கிளம்பிப் போனவருக்கு நீங்கள் சொன்ன கதை 'பாகவதர் கொலைகாரர்' என்பதுதான். கடைசியில் சரியாகச் சொன்னேனே என்று கையைக் கழுவிக்கொள்ள முடியாது.

அதனால் விடுதலையை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். சஸ்பென்ஸ் போய்விடுமே என்பார்கள். யார் கொன்றார்கள் என்கிற சஸ்பென்ஸ் போகட்டுமே. ஒரே சாட்சியங்களை வைத்துக்கொண்டு 1945இல் குற்றவாளிகள் என்றும் 1947இல் இல்லை என்றும் எப்படி முடிவுக்கு வந்தார்கள் என்ற கேள்வி இருக்கிறது, அதை வைத்து ஒரு மணி நேரம்கூட உட்கார வைக்கலாம்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது, அது லட்சுமிகாந்தனைப் பற்றியது. போர்ஜரி வழக்கில் ஏற்கெனவே தண்டனை அனுபவித்தவர், சினிமா தூது, அது நின்றபின் இந்துநேசன் என்று பத்திரிகை நடத்தி நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதியவர். இதைச் சொல்லாமல் வழக்கே புரியாது. ஆனால் அவர் என்ன எழுதினார் என்பதை விளக்குகிற சாக்கில் அந்தக் கிசுகிசுக்களையே பெயரோடு எடுத்து வாசிக்கிறார்கள் பாருங்கள், அது எண்பது வருடம் கழித்து இந்துநேசனுக்கு மறுபதிப்புப் போடுகிற வேலை. யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அந்தப் பெண்களுக்கும் பேரப் பிள்ளைகள் உண்டு. "நடிகர் நடிகைகளின் சொந்த வாழ்க்கையைப் பற்றி அவதூறாக எழுதினார்" என்பதோடு நிறுத்தினால் வழக்கைப் புரிந்துகொள்வதில் எதுவும் குறையாது. இதற்கு நேர் எதிராக இன்னொரு கூட்டம் "மஞ்சள் பத்திரிகைக்காரன், அவனுக்கு வேண்டியதுதான்" என்கிற தொனியில் போகும். பாகவதர் விடுதலையானார் என்று மகிழ்கிற அவசரத்தில் செத்தவரை அவன் இவன் என்று ஆக்கிவிடுவார்கள். அவரும் கொலை செய்யப்பட்ட ஒரு மனிதர்தான். என் உரையில் எல்லாருமே 'அவர்'.

எல்லாரும் என்றால் நட்சத்திரங்கள் மட்டுமில்லை. அதே கூண்டில் சினிமாவுக்குச் சம்பந்தமில்லாத சாதாரண ஆட்களும் நின்றார்கள். வீடியோக்களில் அவர்களுக்குக் கிடைப்பது 'கூலிப்படை' என்கிற ஒற்றைச் சொல். பாகவதர் பக்கத்துச் சந்தேகத்தையெல்லாம் அலசுகிறவர்கள், இந்த ஆட்களைச் சிக்கவைத்த சாட்சியம் எப்படிப்பட்டது என்று ஒரு வரி கேட்பதில்லை. புகழ் இருப்பவருக்கு மட்டும் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கிற வீடியோ எனக்குப் பிடிக்காது, கோபமே வரும்.

இப்போது நடக்கிற வழக்குகளுக்கு இதைவிடக் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாக நீதிமன்றம் ஏற்காது, பழைய சட்டத்தில் 25ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 23. 'பரபரப்பு வாக்குமூலம்' என்று மறுநாள் பேப்பரில் வருவது பெரும்பாலும் அதுதான், அதை எடுத்து வாசித்து அதன்மேல் முழு வீடியோவைக் கட்டுகிறார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் இறந்துபோயிருந்தாலும் பெயரைச் சொல்லக்கூடாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பெயரை விட்டுவிட்டுத் தெரு, பள்ளிக்கூடம், அப்பாவின் தொழில் மூன்றையும் சொன்னால் அந்த ஊர்க்காரருக்குப் பெயர் தேவையே இல்லை, அதுவும் அடையாளம் காட்டுவதுதான். நான் எழுதி முடித்ததும் பார்ப்பது இதைத்தான்: அந்த ஊர் டீக்கடையில் இருக்கிற ஒருவர் இதைக் கேட்டால் யார் என்று சொல்லிவிடுவாரா? சொல்லிவிடுவார் என்றால் இன்னொரு விவரத்தை எடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் கட்டுரைக்கு வைத்த படத்தில் பாகவதர், கிருஷ்ணன் இருவர் முகத்தையும் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கத்தியும் வரைந்திருக்கிறார்கள். அச்சில் வந்ததை ஒன்றும் செய்ய முடியாது, சரி. இணையப் பதிப்பில் அந்தப் படம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 1947இல் விடுதலை என்று ஒரு வரி போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி