பாட்டில் நுரையீரல்: ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்பில் அடுத்த வாரம் சுவாச மண்டலம் தொடங்குகிறது. பாட்டில், பலூன், ஸ்ட்ரா வேண்டும் என்று உங்கள் பிள்ளை வந்து நிற்கும். எதற்கு என்று தெரிந்தால் சரியான பொருளாகப் பார்த்துக் கொடுத்தனுப்புவீர்கள். வீட்டில் பிள்ளையோடு அதைப் பற்றிப் பேசவும் முடியும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

"மூச்சை இழுக்கும்போது மார்பு ஏன் விரிகிறது?" என்று வகுப்பில் கேட்டால், "காற்று உள்ளே போகிறது, அதனால் விரிகிறது" என்றுதான் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். பெரியவர்களைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். உண்மையில் நடப்பது தலைகீழ். முதலில் மார்பு விரிகிறது. விரிந்ததால் காற்று உள்ளே வருகிறது. தன்னைத்தானே விரித்துக்கொள்ளும் தசை நுரையீரலுக்குக் கிடையாது. அதற்குக் கீழே, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசை சுருங்கிக் கீழிறங்குகிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் விலாக்களை மேலும் வெளியுமாகத் தூக்குகின்றன. உள்ளே இடம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று மூக்கு வழியாக உள்ளே பாய்கிறது. மூடிய இடத்தில் காற்றின் கன அளவு கூடினால் அழுத்தம் குறையும் என்று ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதிதான் இங்கே வேலை செய்கிறது. அமைதியாக மூச்சு விடும்போது இந்த அழுத்தக் குறைவு வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்தச் சிறு வித்தியாசமே பெரியவர் ஒருவருக்கு ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்றை உள்ளே கொண்டுவந்துவிடுகிறது.

இதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கினால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், தேர்விலும் சரியாக எழுதுவார்கள். ஆனால் மனதுக்குள் பழைய எண்ணமே இருக்கும். பாட்டில் மாதிரியில் அப்படித் தப்பிக்க முடியாது. யாரும் பலூனை ஊதவில்லை, தொடவும் இல்லை. கீழே இருக்கும் ரப்பரை இழுத்தால் மேலே இருக்கும் பலூன் தானாக விரிகிறது. பார்த்த பிள்ளை "ஏன்?" என்று கேட்டே ஆக வேண்டும்.

செய்முறை எளியது. பாட்டிலின் அடிப்பாகத்தை மூன்றில் ஒரு பங்கு வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய விளிம்பில் செல்லோ டேப் ஒட்டுவோம். மூடியில் துளை போட்டு, அதில் ஒரு குழாயைச் செருகுவோம். குழாயின் உள்முனையில் சிறிய பலூனை மாட்டி ரப்பர் பேண்டால் கட்டுவோம். இதுதான் நுரையீரல். குழாயைச் சுற்றித் துளையைக் களிமண் வைத்து அடைத்து, மூடியைப் பாட்டிலில் திருகிவிடுவோம். கடைசியாக ஒரு பெரிய பலூனின் கழுத்தை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைப் பாட்டிலின் திறந்த அடியில் இழுத்து மாட்டி, சுற்றிலும் டேப் ஒட்டுவோம். இந்த ரப்பர் தோல்தான் உதரவிதானம். அதைக் கீழே இழுத்தால் உட்சுவாசம், விட்டால் வெளிச்சுவாசம்.

சொல்ல எளிதாக இருந்தாலும் முதல் முறையிலேயே வேலை செய்வது அபூர்வம். கடந்த ஆண்டு ஒரு குழுவுக்கு நடந்ததைச் சொன்னால், பொருள்களைப் பற்றி நாங்கள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறோம் என்பது புரியும். அவர்கள் கொண்டுவந்தது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். ரப்பர் தோலை இழுத்தார்கள், பலூன் அசையவே இல்லை. ஆசிரியர் உடனே விடை சொல்லவில்லை. "பலூனைப் பார்க்காதீர்கள், பாட்டிலைப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். மறுபடி இழுத்தபோது பாட்டிலின் பக்கங்கள் உள்ளே குழிவதைப் பிள்ளைகள் கவனித்தார்கள். கீழே கூடிய இடத்தைப் பக்கச்சுவர் உள்ளே வந்து தின்றுவிட்டது. மொத்தத்தில் கன அளவு கூடவே இல்லை, பிறகு காற்று ஏன் வரும்? உடனே குளிர்பானப் பாட்டிலுக்கு மாறினார்கள். அதன் சுவர் கெட்டி.

இப்போது பலூன் விரிந்தது. ஆனால் தோலை இழுத்துப் பிடித்திருக்கும்போதே அது மெல்லச் சுருங்கத் தொடங்கியது. அப்படிச் சுருங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். குழாய் வழியாகப் பலூனுக்குள் மட்டும் வர வேண்டிய காற்று, வேறு வழியாகப் பாட்டிலுக்குள் நுழைகிறது. இடத்தைக் கண்டுபிடிக்க, சேருமிடங்களில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி, தோலை இந்த முறை உள்பக்கமாக அழுத்தினார்கள். மூடியில் குழாயைச் சுற்றி வைத்த களிமண் ஓரத்தில் குமிழ் கிளம்பியது. காய்ந்து விரிசல் விட்டிருந்த களிமண்ணை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்ததும் சரியானது.

பாட்டிலும் கெட்டி, கசிவும் இல்லை, இருந்தும் பலூன் அசையவில்லை என்றால், ரப்பர் பேண்டை இறுக்கிக் கட்டியதில் ஸ்ட்ரா நசுங்கி அடைத்திருக்கும். அதனால்தான் ஸ்ட்ராவை விடத் தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவின் வெற்றுக்கூடு நல்லது என்கிறோம், அது நசுங்காது. பக்கவாட்டில் சிறு துளை உள்ள பேனாவாக இருந்தால் அதை டேப் போட்டு மூடிவிடுங்கள்.

பாட்டிலின் அளவும் முக்கியம். ஒரு லிட்டரை விட அரை லிட்டர் நன்றாக வேலை செய்யும். பலூனுக்கும் பாட்டில் சுவருக்கும் நடுவில் காற்று இருக்கிறது அல்லவா? தோலை இழுத்ததும் அந்தக் காற்றும் கொஞ்சம் விரிந்து, கிடைத்த புது இடத்தில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. நடுவில் காற்று அதிகமாக இருந்தால் பலூனுக்கு மிஞ்சுவது குறையும். சிறிய பலூனை முன்பே சில முறை ஊதி இறக்கி இளக்கிவைப்பதும் இதற்காகத்தான். இவ்வளவு செய்தாலும் பலூன் எலுமிச்சம்பழம் அளவுக்கு விரிந்தாலே போதும். தோலை இழுத்ததால் எவ்வளவு இடம் கூடியதோ, அதற்கு மேல் பலூன் விரிய வழியில்லை.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்குப் பிறகு வருவது. நன்றாக வேலை செய்யும் மாதிரியின் பக்கச்சுவரில் ஆசிரியர் ஊசியால் ஓட்டை போட்டு, அதைக் கொஞ்சம் பெரிதாக்குவார். தோலை எவ்வளவு இழுத்தாலும் பலூன் விரியாது. ஓட்டையை விரலால் அடைத்தால் மறுபடி விரியும். நுரையீரல் துளிகூடச் சேதமாகவில்லை, சுவரில்தான் ஓட்டை, ஆனாலும் மூச்சு நின்றுபோகிறது. மார்பில் ஆழமாகக் குத்துப்பட்டு அந்த வழியாகக் காற்று புகுந்தால், அந்தப் பக்கத்து நுரையீரல் சுருங்குவது இப்படித்தான். மருத்துவர்கள் மார்புக்குள் குழாய் செருகிக் காற்றை வெளியேற்றி, நுரையீரலை மறுபடி விரியவைக்கிறார்கள்.

மாதிரி வேலை செய்தவுடன் பாடம் முடிந்துவிடாது. இது எங்கெல்லாம் நம் உடம்பைப் போல இல்லை என்று பிள்ளைகள் எழுத வேண்டும். மாதிரியின் அழகுக்கு மதிப்பெண் கிடையாது. இந்தப் பகுதிக்குத்தான் அதிகம். எல்லாவற்றிலும் பெரிய வித்தியாசம், நான் மேலே சொன்ன அந்த நடுக்காற்று. உடம்பில் நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையில் காற்றே இல்லை, மெல்லிய திரவப் படலம்தான் இருக்கிறது. நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், ஆனால் பிரித்தெடுக்க வராது. அதுபோல நுரையீரல் சுவரோடு ஒட்டியபடி, சுவர் போகும் வழியெல்லாம் கூடவே போகிறது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிட்ட பிள்ளைக்கு, ஓட்டை போட்டதும் மூச்சு ஏன் நின்றது என்பதும் விளங்கிவிடும்.

மற்றவற்றைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். பாட்டில் சுவர் அசையாது, விலா எலும்புகள் அசையும். ரப்பர் தோல் ஓய்வில் தட்டையாக இருந்து, இழுத்தால் கிண்ணமாகிறது. உதரவிதானமோ ஓய்வில் மேல்நோக்கிக் குவிந்திருந்து, சுருங்கும்போது தட்டையாகிறது. பலூன் வெற்றுப் பை. நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் இருக்கின்றன, எவ்வளவு ஊதி வெளியேற்றினாலும் பெரியவர் ஒருவரின் நுரையீரலில் ஒரு லிட்டருக்கு மேல் காற்று மிச்சமிருக்கும். ஆக்சிஜன் இரத்தத்தில் கலப்பதைப் பற்றி இந்த மாதிரி எதுவுமே சொல்லாது, அது அதற்கடுத்த வாரப் பாடம்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. "மூச்சை நன்றாக இழு" என்றால் பல பிள்ளைகள் வயிற்றை எக்கி, தோளைத் தூக்குவார்கள். பிள்ளையை மல்லாந்து படுக்கவைத்து வயிற்றின் மேல் ஒரு நோட்டை வையுங்கள். அமைதியாக மூச்சு விடும்போது, காற்று உள்ளே போகையில் நோட்டு மேலே எழும். உதரவிதானம் கீழிறங்கி, வயிற்றில் உள்ளவற்றை அழுத்துவதால் வயிறு முன்னே தள்ளுகிறது. "காற்று வயிற்றுக்குள் போகிறது" என்று பிள்ளை சொன்னால் திருத்தாமல், பாட்டிலில் எந்தப் பாகம் இப்படி அசைந்தது என்று மட்டும் கேளுங்கள்.

சரி, கொடுத்தனுப்ப வேண்டியவை: கெட்டியான அரை லிட்டர் குளிர்பானப் பாட்டில் மூடியோடு, ஒரு சிறிய பலூன், ஒரு பெரிய பலூன், பேனாக் கூடு ஒன்று, இரண்டு ரப்பர் பேண்ட். கடையில் செய்து விற்கும் மாதிரியை வாங்க வேண்டாம், செய்துகொடுத்தும் அனுப்ப வேண்டாம். பாட்டிலை வெட்டுவதையும் மூடியில் துளை போடுவதையும் பள்ளியில் ஆசிரியர்களே செய்வார்கள், வீட்டில் பிள்ளை கையில் கத்தி கொடுக்காதீர்கள். பலூன் ரப்பர் பட்டால் தடிப்போ அரிப்போ வரும் பிள்ளை என்றால் முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், அவர்களுக்குப் பலூனுக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் பை வைத்துச் செய்யலாம். வெள்ளிக்கிழமை மாதிரிகள் வீட்டுக்கு வந்துவிடும். கிழிந்த பலூன் துண்டுகளை வீட்டிலுள்ள சின்னக் குழந்தைகளுக்கு எட்டாமல் உடனே குப்பையில் போட்டுவிடுங்கள், வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்