நான் எழுதாத ஆங்கிலமும் என் தமிழும்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நாம் செய்த வேலையை மெஷின் எழுதியது என்று ஏஜென்சி சொல்வதாக நீ எழுதியிருந்தாயே, அதே தொல்லையில் நானும் மாட்டிக்கொண்டிருந்தேன், அதனால்தான் தாமதம். போன வாரம்தான் ஒரு வழியாகப் பணம் வந்தது. நடந்ததைச் சொல்கிறேன். உன் விஷயத்துக்கும் இதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு மருந்துச் சோதனைக்கான ஒப்புதல் படிவம், பதினான்கு பக்கம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, முழுக்க மனித மொழிபெயர்ப்பு என்று பேசி வாங்கிய வேலை. ஒன்பது நாள் உட்கார்ந்து முடித்து அனுப்பினேன். அனுப்பிய நான்காம் நாள் ஏஜென்சியிலிருந்து ஒரு மின்னஞ்சல்: "உங்கள் கோப்பு 91 விழுக்காடு ஏஐ எழுதியது என்று டிடெக்டர் சொல்கிறது. விளக்கம் தரும்வரை பில்லை நிறுத்தி வைக்கிறோம்." எனக்குக் கை நடுங்கிவிட்டது. இருபது வருட வேலை, மீனா.

இணைப்பில் இருந்த அறிக்கையைத் திறந்து பார்த்தால் மஞ்சள் அடித்த வாக்கியங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன! நான் கொடுத்தது தமிழ். தொலைபேசியில் கேட்டேன். அவர்களுடைய டிடெக்டர் தமிழைச் சரியாகப் படிக்காதாம். அதனால் என் தமிழை மெஷினில் போட்டு ஆங்கிலமாக்கி, அதை டிடெக்டரில் போட்டிருக்கிறார்கள். மொழிபெயர்த்ததை மறுபடி மூலமொழிக்கே கொண்டுபோய்ச் சரிபார்க்கும் பேக் டிரான்ஸ்லேஷன் மருத்துவ ஆவணங்களில் வழக்கம்தான். மூலத்தைப் பார்க்காத இன்னொரு ஆள் அதைச் செய்வார். இங்கே அந்த ஆளின் இடத்தில் மெஷின். அது எழுதிய ஆங்கிலத்தை மெஷின் எழுதியது என்று டிடெக்டர் சொன்னால், அதில் என் தமிழைப் பற்றி என்ன தெரிகிறது?

வாதம் மட்டும் போதாது என்று ஒரு சோதனை செய்தேன். 2011-இல் நான் மொழிபெயர்த்த பழைய ஒப்புதல் படிவத்தில் இரண்டு பக்கத்தை, பெயர்களை எடுத்துவிட்டு, அவர்கள் போன அதே வழியில் அனுப்பிப் பார்த்தேன். 87 விழுக்காடு வந்தது. கூகுளின் நியூரல் மொழிபெயர்ப்பு தமிழுக்கு வந்ததே 2017-இல்தான். இதை எழுதி அனுப்பிய பிறகுதான் அவர்கள் தொனி மாறியது.

நேரடியாகத் தமிழைப் படிக்கும் டிடெக்டராக இருந்தாலும் நம் வேலைக்கு ஆபத்துதான். அடுத்து என்ன சொல் வரும் என்று எளிதில் ஊகிக்க முடிகிற எழுத்தை மெஷின் எழுத்து என்று எடுத்துக்கொள்வது இந்தக் கருவிகளில் பலவற்றின் அடிப்படை. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் போட்டார்கள். சராசரியாக 61 விழுக்காடு மெஷின் எழுதியது என்று வந்தது. எளிய சொற்கள், ஒரே மாதிரி அமைப்பு, அவ்வளவுதான் காரணம். ஒப்புதல் படிவத்தில் நம்மிடம் கேட்பதும் அதைத்தானே! கலைச்சொல் பட்டியலில் இருக்கிற சொல்லை மாற்றக் கூடாது, ஒரே வாக்கியம் பத்து இடத்தில் வந்தால் பத்து இடத்திலும் ஒரே தமிழ் இருக்க வேண்டும்.

சரி, எதைக் காட்டினேன்? நான் ஒமேகாடி என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளில் வேலை செய்வது உனக்குத் தெரியும். அதில் `project_save.tmx` என்ற கோப்பில் ஒவ்வொரு செக்மென்டுக்கும், அதாவது தனித்தனியாக மொழிபெயர்க்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும், இப்படி ஒரு வரி இருக்கும்:

```
<tuv lang="TA" changeid="suganthi"
 changedate="20250212T101140Z"
 creationid="suganthi"
 creationdate="20250211T064205Z">
```

கடைசியில் உள்ள Z என்றால் உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். பிப்ரவரி 11 நண்பகல் 12:12-க்கு எழுதியதை, மறுநாள் பிற்பகல் 3:41-க்குத் திருத்தியிருக்கிறேன். மெஷின் வெளியீட்டை வெட்டி ஒட்டியிருந்தால் நாற்பது செக்மென்ட் இரண்டு நிமிடத்தில் விழுந்திருக்கும். என்னுடையதில் சுலபமான வரிக்கு ஒரு நிமிடம், சிக்கலான வரிக்கு இருபது நிமிடம் என்று இடைவெளி ஏறி இறங்கியது.

ஆனால் இந்தக் கோப்பில் கடைசித் திருத்தம் மட்டுமே நிற்கும். நடுவில் மாற்றியது எல்லாம் போய்விடும். ஒமேகாடி வைக்கும் `.bak` நகல்களும் அண்மைய பத்துதான். நல்லவேளையாக நான் தினமும் மாலையில், பழைய நகல்களையும் சேமித்து வைக்கும் கிட்-டில் போட்டு வெளி சர்வருக்கு அனுப்பிவிடுவேன். அதனால் ஒரு வரி எப்படி மாறியது என்று காட்ட முடிந்தது. முதல் நாள் "எக்காரணமும் தெரிவிக்காமல் எந்நேரத்திலும் ஆய்விலிருந்து விலகலாம்" என்று எழுதியிருந்தேன். வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோது, கிராமத்திலிருந்து வரும் ஒரு அம்மாவுக்கு இது சட்டென்று புரியாது என்று பட்டது. மூன்றாம் நாள் அது "நீங்கள் எப்போது வேண்டுமானாலும் இந்த ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை" என்று ஆனது.

இருந்தாலும் நேர முத்திரை எல்லாவற்றையும் நிரூபித்துவிடாது. பக்கத்துத் திரையில் மெஷின் வெளியீட்டை வைத்துப் பார்த்துத் தட்டச்சு செய்தாலும் இதே முத்திரைதான் விழும். அந்தக் கோப்பும் வெறும் உரைக்கோப்பு, யாரும் மாற்றலாம். உண்மையில் அவர்களை நம்ப வைத்தது, மூலத்தில் வந்த சந்தேகங்களை எழுதிக் கேட்கும் கொயரி ஷீட். ரத்தம் எடுக்கும் முன் எட்டு மணி நேரம் சாப்பிடக் கூடாது என்று மூலத்தின் ஆறாம் பக்கத்தில் இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் பத்து மணி நேரம். எது சரி என்று மூன்றாம் நாளே கேட்டிருந்தேன், அவர்கள் பத்து என்று பதில் சொல்லியிருந்தார்கள். அது அவர்களுடைய பெட்டியிலேயே தேதியோடு கிடந்தது.

இப்போது உன் விஷயம். உன்னுடையது போஸ்ட் எடிட்டிங், மெஷின் மொழிபெயர்த்ததைத் திருத்தித் தரும் வேலை. மெஷின் வெளியீட்டைக் கொடுத்ததே அவர்கள்தான், அப்புறம் மெஷின் வாடை அடிக்கிறது என்று அவர்களே சொல்வது அநியாயம். இந்த வேலைக்கான தர நிர்ணயம் ஐஎஸ்ஓ 18587. மெஷின் வெளியீட்டில் முடிந்த அளவைப் பயன்படுத்து என்றுதான் அதுவே சொல்கிறது. இதில் மறைக்க எதுவும் இல்லை. வேலையைத் தொடுவதற்கு முன் அவர்கள் அனுப்பிய கோப்பை அப்படியே தனி ஃபோல்டரில் நகலெடுத்து வை. முடித்தபின் மெஷின் தந்தது, நீ தந்தது, எதற்கு மாற்றினாய் என்று மூன்று நெடுவரிசை போட்டு இருபது செக்மென்டுக்காவது அனுப்பு. நீ மாற்றாமல் விட்டதிலும் சிலதைச் சேர், சரியாக இருந்ததால் விட்டேன் என்று எழுது.

மதிப்பெண் குறைவதற்காகச் சரியான வாக்கியங்களையும் கலைத்து எழுத ஆரம்பித்துவிட்டதாக எழுதியிருந்தாயே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ அனுப்பிய மாதிரியைப் பார்த்தேன். மெஷின் "தலைச்சுற்றல் ஏற்படலாம்" என்று கொடுத்ததை நீ "தலைசுற்றும்" என்று ஆக்கியிருக்கிறாய். ஒரு 'லாம்' போனதில் பக்கவிளைவு நிச்சயமாகிவிட்டது. அந்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பவர் பயந்துபோய் அதை நிறுத்திவிட்டால்? தயவுசெய்து அந்தக் கோப்பை மறுபடி முழுக்கப் பார்த்துவிடு.

இன்னொன்று, உன் பழைய மொழிபெயர்ப்புகள் எல்லாம் சேர்ந்திருக்கும் நினைவகத்தை அப்படியே அனுப்பிவிடாதே. அதில் மற்ற வாடிக்கையாளர்களின் வரிகளும் கிடக்கும். அந்த வேலைக்கானதை மட்டும் பிரித்து எடு. ரகசியம் காக்கும் ஒப்பந்தம் உள்ள கோப்பை வெளி டிடெக்டரில் ஏற்ற யார் அனுமதித்தார்கள் என்று நானும் அவர்களிடம் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உன்னைக் கேட்டார்கள். அந்த மூன்று நெடுவரிசைக் கோப்பை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, ஏஜென்சிக்குப் போகும் முன் நான் ஒரு முறை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
சுகந்தி