காரணம் கேட்காதீர்கள்: விருந்துக்கு வர இயலாத ஓர் ஊழியரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனிதவளத் துறைத் தலைவருக்கும் பிரிவு மேலாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம். பண்டிகை விருந்துக்காக நீங்கள் அனுப்பிய படிவத்தையும், அதைத் தொடர்ந்து எங்கள் பிரிவில் நடந்த பேச்சுகளையும் நீங்கள் அறிவீர்கள். எனவே அதை முதலிலிருந்து விவரிக்கவில்லை. அந்தப் படிவத்தில் 'வர இயலாது' என்பதைத் தொட்டதும் கீழே ஒரு கட்டம் திறக்கிறதே, 'காரணம்' என்று, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரக் குறியோடு? அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்தக் கட்டத்தை நிரப்பாமல் படிவத்தை அனுப்ப முடியாது. 'வருகிறேன்' என்பவரிடம் ஏன் வருகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. வராதவர் மட்டும் விளக்கம் தர வேண்டும். அந்த விளக்கம் போய்ச் சேரும் பட்டியலை, இணைப்பு கையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். விருந்து என் மேலாளர் வீட்டில். அதில் ஒரு வழிபாடும் உண்டு. என் மத நம்பிக்கையின்படி நான் அதில் கலந்துகொள்ள இயலாது. அது எந்த மதம், எந்த விதி என்பதை இந்த மடலிலும் நான் எழுதப் போவதில்லை. அது தெரியாமலேயே என் கோரிக்கை நியாயமா இல்லையா என்று உங்களால் முடிவு செய்ய முடியும்.

அழைப்பு வந்த அன்றே மேலாளருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன்: "அழைப்புக்கு மிக்க நன்றி சார். அன்று என்னால் வர இயலாது. விழா நல்லபடியாக நடக்க என் வாழ்த்துகள்." ஒவ்வொரு சொல்லையும் யோசித்துத்தான் எழுதினேன். 'முயற்சி செய்கிறேன்' என்று எழுதியிருந்தால் அவர் என்னையும் சேர்த்துத்தான் ஏற்பாடு செய்திருப்பார். கடைசி நேரத்தில் வராமல் இருப்பது அவருக்கு அவமானமாகப் பட்டிருக்கும். காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் இந்த வருடம் தப்பித்திருப்பேன். அடுத்த வருடம் அதே தேதியில் இன்னொரு நோய் வேண்டும். மறுநாள் நலம் விசாரிப்பவர்களுக்கும் அந்தப் பொய்யையே சொல்ல வேண்டும். என் நம்பிக்கை பொய் சொல்ல இடம் தராது. அதனால் நன்றி, தெளிவான மறுப்பு, வாழ்த்து என்று மூன்றோடு நிறுத்தினேன். மரியாதையான மறுப்புக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்று நினைத்தேன்.

ஆனால் அப்புறம் பேச்சு போன வழி வேறு.

"ஏன், ஊருக்குப் போறீங்களா?" இல்லை என்றேன். "உடம்புக்கு முடியலையா?" அதுவும் இல்லை. "பின்னே என்ன, எங்க வீட்டுக்கெல்லாம் வர மாட்டீங்களா?" இந்தக் கேள்விக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. பேசாமல் இருந்தால் அவர் குடும்பத்தையே நான் மதிக்கவில்லை என்று ஆகிவிடும். மத நம்பிக்கை சார்ந்த காரணம் என்றேன். உடனே அவர் அதைத் தீர்த்து வைக்கக் கிளம்பிவிட்டார். "வழிபாடு முடிஞ்ச பிறகு வாங்களேன், சாப்பாட்டுக்கு மட்டும்." "உங்களுக்குத் தனியாச் சமைக்கச் சொல்றேன்." "பத்து நிமிஷம் தலையைக் காட்டிட்டுப் போயிடுங்க."

அவர் கெட்டவர் இல்லை. இதை எல்லாம் அன்போடுதான் சொன்னார். ஆனால் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. நாம் காரணம் சொன்னதும் எதிரில் இருப்பவர் அதை ஒரு தடையாக நினைத்து விலக்கப் பார்க்கிறார். தூரம் என்றால் வண்டி அனுப்புகிறார், விரதம் என்றால் நேரத்தை மாற்றுகிறார். ஒவ்வொரு ஏற்பாட்டையும் மறுக்க, என் நம்பிக்கையின் இன்னொரு பக்கத்தை அவரிடம் திறந்து காட்ட வேண்டியிருந்தது. வழிபாட்டில் நிற்பது கூடாதா, அங்கே படைத்ததை உண்பது கூடாதா, அந்த இடத்தில் இருப்பதே கூடாதா என்று ஒவ்வொன்றாக விளக்க வேண்டியிருந்தது. இவற்றை என் குடும்பத்தில்கூட நான் இப்படி வரிவரியாகப் பேசியதில்லை. என் சம்பள உயர்வை முடிவு செய்கிறவர் முன்னால் நின்று பேச வைத்தீர்கள்.

இவற்றையெல்லாம் விட என்னைக் காயப்படுத்தியது அடுத்து வந்த கேள்வி. "அக்கவுண்ட்ஸ்ல உங்க ஆளு ஒருத்தர் இருக்காரே, அவர் வர்றாரே. உங்களுக்கு மட்டும் என்ன?"

ஐயா, ஒரே மதத்தைச் சேர்ந்த இரண்டு பேர் ஒரே கோட்டை ஒரே இடத்தில் வரைவதில்லை. அவர் உணவு வரை போகலாம் என்று நினைக்கிறார். நான் வாழ்த்தோடு நிற்கிறேன். அவர் மனசாட்சிக்கு அவர் உண்மையாக இருக்கிறார், என் மனசாட்சிக்கு நான். அவரை அளவுகோலாக வைத்து என்னை அளப்பது எங்கள் இருவருக்குமே அநியாயம். இனி அவர் ஒருமுறை வராமல் இருந்தாலும், 'போன தடவை வந்தீர்களே' என்ற கேள்வி அவருக்கும் காத்திருக்கிறது.

இது எனக்கு மட்டும் தோன்றும் நியாயம் இல்லை. 1981-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தாமஸ் என்ற தொழிலாளியின் வழக்கில் இதே கேள்வியைச் சந்தித்தது. அவர் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்தவர். பீரங்கி வண்டிகளுக்கான பாகங்கள் செய்யும் பிரிவுக்கு மாற்றப்பட்டதும், தன் நம்பிக்கைக்கு அது ஒவ்வாது என்று வேலையை விட்டார். அதே நம்பிக்கையைச் சேர்ந்த இன்னொரு தொழிலாளிக்கு அந்த வேலையில் தவறு எதுவும் தெரியவில்லை. தாமஸுக்கு வேலையின்மை உதவித்தொகை மறுக்கப்பட்டு, வழக்கு மேலே போனது. ஒரு பிரிவின் உறுப்பினர்கள் அனைவரும் ஒன்றுபோல் நம்பினால்தான் அந்த நம்பிக்கைக்குப் பாதுகாப்பு என்பது இல்லை, வேதத்துக்குப் பொருள் சொல்வதும் நீதிமன்றத்தின் வேலை இல்லை என்று சொல்லி, நீதிபதிகள் தாமஸின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். நீதிமன்றமே எடுத்துக்கொள்ளாத வேலையை ஒரு மேலாளர் தேநீர் இடைவேளையில் எடுத்துக்கொள்ளலாமா?

அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன்: காரணம் கேட்காதீர்கள்.

கட்டாயம் இல்லாத கட்டமாக மாற்றிவிடுகிறோம் என்று நீங்கள் சொல்லக்கூடும். அது போதாது. பத்துப் பேர் 'ஊரில் இல்லை', 'மருத்துவரைப் பார்க்க வேண்டும்' என்று நிரப்பிய பட்டியலில் ஒருவர் மட்டும் வெறுமனே விட்டிருந்தால், அந்த வெற்றிடமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். யாரிடமும் கேட்காமல் இருந்தால்தான் சொல்லாமல் இருப்பவருக்குப் பாதுகாப்பு. ஐ.நா. மனித உரிமைக் குழு 1993-இல் வெளியிட்ட 22-ஆம் பொதுக் கருத்துரை, ஒருவர் தன் மத நம்பிக்கையை வெளிப்படுத்துமாறு கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்கிறது. அது அரசுகளை நோக்கி எழுதப்பட்டது, ஒரு நிறுவனத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அரசே கேட்கக் கூடாது என்று உலகம் ஒப்புக்கொண்ட ஒன்றை ஒரு விருந்துப் படிவம் ஏன் கேட்க வேண்டும்?

மதம் சார்ந்த காரணம் உள்ளவர்கள் மட்டும் அந்தக் கட்டத்தின் முன்னால் திகைத்து நிற்பதில்லை. குடியை விட்டு மீண்டுகொண்டிருக்கும் ஒருவருக்கு, மது பரிமாறும் இரவுக்குப் போகாமல் இருப்பதுதான் மருந்து. குழந்தையை இழந்தவருக்கு மற்றவர்கள் குழந்தைகளோடு வரும் கூட்டம் தாங்க முடியாது. மணமுறிவு நடந்துகொண்டிருப்பதை இன்னும் பெற்றோருக்கே சொல்லாதவர், 'குடும்பத்தோடு வாருங்கள்' என்ற அழைப்புக்கு என்ன எழுதுவார்? இவர்கள் எல்லோரும் உங்கள் அலுவலகத்தில் இருக்கக்கூடும். இருக்கிறார்களா என்பது உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

விருந்து முடிந்த மறுநாள் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். குழுக் கூட்டத்தில் திரையில் அந்தப் பட்டியல் விரிந்தது. "இவருக்கு நம்ம விழாவெல்லாம் ஆகாது" என்று சிரித்துக்கொண்டே ஒரு பேச்சு. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மதிப்பீட்டு அறிக்கையில் 'குழுவோடு ஒட்டுவதில்லை' என்று ஒரு வரி. எந்த வேலையில், எந்த நாளில் ஒட்டவில்லை என்று கேட்டேன். விருந்தைத் தவிர வேறு எதையும் காட்ட முடியவில்லை. சக ஊழியரின் பணி நேரத்தை ஏற்றுக்கொண்டு நின்ற இரவுகள் அந்த வரியை எழுதியவருக்கு நினைவில் இல்லை.

இன்னும் ஒன்று. புதிய திட்டத்துக்கு யார் யார் என்பது அந்த விருந்து மேசையில்தான் முடிவானது. அலுவலகத்தில் எடுக்க வேண்டிய முடிவை வீட்டில் எடுத்தால், அந்த வீட்டுக்கு வர இயலாதவர் வாய்ப்பையும் சேர்த்து இழக்கிறார். விருந்து விருப்பம் என்கிறீர்கள். அப்படியென்றால் வராதவருக்கு எதுவும் குறையக் கூடாது. குறைகிறது என்றால் அதை விருப்பம் என்று சொல்லாதீர்கள். மிகை நேர ஊதியம் கொடுக்காத வேலை நேரம் அது.

கோபத்தில் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டேன். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். படிவத்தில் 'வருகிறேன்', 'வர இயலாது' என்ற இரண்டு மட்டும் இருக்கட்டும். பதில்கள் ஏற்பாடு செய்பவருக்கு மட்டும் தெரியட்டும். 'வர இயலாது' என்று ஒருவர் சொன்னால் மேலாளர் "சரி, பரவாயில்லை" என்று சொல்லி அதோடு விடட்டும். இரண்டாவது கேள்வி வேண்டாம், மாற்று ஏற்பாடும் வேண்டாம். உணவிலோ நேரத்திலோ இடத்திலோ உதவி தேவைப்படுபவர்கள் தாமே வந்து கேட்கலாம் என்று அழைப்பிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள், அன்பு காட்ட விரும்பும் மேலாளருக்கு அது போதும். விருந்துக்கு வந்ததும் வராததும் மதிப்பீட்டு அறிக்கையில் எந்த வடிவிலும் இடம்பெறக் கூடாது. என் அறிக்கையில் உள்ள அந்த ஒரு வரியை நீக்கித் தர வேண்டும்.

என் மேலாளரின் விழா நன்றாக நடந்தது என்று கேள்விப்பட்டேன். அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. அவர் வீட்டில் ஒரு துக்கமோ அவசரமோ என்றால் முதல் ஆளாக நிற்பேன், அதை அவரும் அறிவார்.

ஆண்டு இறுதி விருந்துக்கான படிவம் தயாராகிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். அது வெளிவருவதற்கு முன் 'காரணம்' என்ற கட்டத்தை நீக்கிவிடுமாறும், நீக்கியதை எல்லோருக்கும் எழுத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்தக் கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதிய ஊழியர்