சிறுநீரக விற்பனையும் கடனும்

ஆசிரியருக்கு,

'அவரவர் உடல், அவரவர் விருப்பம். விற்க அனுமதித்தால் ஏழைக்கும் லாபம்' என்ற வாதத்தைச் சென்னையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் 2001இல் நடந்த ஆய்வில், 96 சதவீதத்தினர் கடனை அடைக்கவே விற்றதாகச் சொன்னார்கள். அப்படி விற்றவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆய்வின்போதும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெரும்பாலோர் உடல்நலமும் குன்றியதாகச் சொன்னார்கள். கூலி வேலையே பிழைப்பு என்றால் அது வருமானத்தையும் சேர்த்தே அடிக்கும்.

வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது தரும் சம்மதத்தை விருப்பம் என்று ஏற்க முடியவில்லை. விற்பனை சகஜமாகிவிட்ட தெருவில் சிறுநீரகமும் அடமானப் பொருளாகிவிடுகிறது. 'இன்னும் ஒன்று இருக்கிறதே' என்று கடன் கொடுத்தவர் கேட்கலாம். விற்க விரும்பாதவரும் அங்கே பதில் சொல்லியாக வேண்டும்.

1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைத் தடுக்கிறது. ஆனால் உறவினர் அல்லாதவரும் 'அன்பின் காரணமாக', அங்கீகாரக் குழுவின் ஒப்புதலோடு தானம் தரலாம். தரகர்கள் நுழைவது இந்த வழியில்தான். இருதரப்பின் மூன்றாண்டு வருமானச் சான்றையும் குழு பார்க்க வேண்டும் என்று 2014 விதிகள் சொல்கின்றன. அத்துடன் கொடுப்பவரின் கடன் விவரத்தையும், தரகரோ நோயாளியின் வீட்டாரோ அருகில் இல்லாமல் தனியே கேட்டுப் பதிவு செய்வதையும் கட்டாயமாக்க வேண்டும்.