இருபது ரூபாய்ப் பெட்டி

அன்புள்ள அம்மாடி,

ஏர்வாடி சந்தனக்கூட்டுத் திருவிழாவில் போட்ட பழைய புத்தகக் கடையில் முதல் இரண்டு நாள் ஈயோட்டினேன், மூன்றாம் நாள் எப்படி வியாபாரம் ஆனது என்று போனில் கேட்டாய். அங்கே இரைச்சல், சொல்ல முடியவில்லை.

இந்த முறை பழைய பேப்பர் கடையில் கிலோ 25 ரூபாய்க்கு 30 கிலோ எடுத்தேன். ராமபாணப் பூச்சி அரித்தது, பக்கம் போனதெல்லாம் கழித்து 140 புத்தகம் தேறியது. பாதிக்கு மேல் மெலிந்த மாத நாவல்கள். முதல் நாள் எல்லாவற்றையும் முதுகு தெரிய அடுக்கினேன். ஸ்டேப்ளர் பின் அடித்த புத்தகத்துக்கு முதுகில் ஏது பெயர்? வெறும் காகித விளிம்புதான் தெரிந்தது. யார் நிற்பார்கள்? விலையும் எழுதவில்லை. கையில் எடுத்த ஒன்றிரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். விலை கேட்டால் வாங்கியாக வேண்டுமோ என்ற கூச்சம்.

மூன்றாம் நாள் இரண்டு தக்காளிப் பெட்டியில் மாத நாவல்களை அட்டை முன்னால் பார்க்க நிறுத்தினேன். மேசை ஓரத்தில் வைத்து, பின்பக்கம் செங்கல் கொடுத்துச் சாய்த்தேன். 'எதை எடுத்தாலும் 20, மூன்று 50' என்று பெரிதாக ஒரு அட்டை. நடந்து போகிறவரின் கை தானாகவே பெட்டிக்குள் போகிறது. ஐம்பது ரூபாய் நோட்டாக வருவதால் சில்லறைத் தொல்லையும் குறைந்தது. மூன்று 50 என்றால் ஒன்று 17 ரூபாய்கூட வராது. ஆனால் எனக்கு அடக்கம் ஐந்தரைக்குள்தான், கடை வாடகை தனி.

பெட்டியை நெருக்கித் திணிக்கக் கூடாது, மூன்று விரல் புகும் இடைவெளி வேண்டும். பாதி காலியானாலும் ஆபத்து: புத்தகங்கள் சரிந்து, உப்புக்காற்று ஈரத்தில் அப்படியே வளைந்துவிடுகின்றன. அப்போது சின்னப் பெட்டிக்கு மாற்றுவேன். வகை பிரிப்பதில்லை. கிளறித் தேடுகிற நேரம்தான் அவர்கள் என் கடையில் நிற்கிற நேரம். ஒருவர் நின்றால் பின்னால் வருபவரும் எட்டிப் பார்க்கிறார்.

கெட்டி அட்டைப் புத்தகங்கள் பெட்டிக்குப் பின்னால், ஒவ்வொன்றுக்கும் தனி விலை. முதல் பக்கத்தின் மேல் மூலையில் பென்சிலால் எழுதுகிறேன். ஸ்டிக்கர் ஒட்டினால் உரிக்கும்போது அட்டையும் சேர்ந்து வருகிறது. கடைசி நாள் குறைக்க நினைத்தாலும் அழித்து எழுதிக்கொள்ளலாம். காற்றில் அட்டைகள் படபடக்காமல் குறுக்கே ஒரு தூண்டில் நரம்பைக் கட்டியிருக்கிறேன்.

ஒரு தப்பும் செய்தேன். பிரிக்கும் அவசரத்தில் பழைய தமிழ் அகராதி ஒன்று 20 ரூபாய்ப் பெட்டிக்குள் போய்விட்டது. பக்கத்துக் கடைக்காரரே அதை எடுத்து, சத்தமில்லாமல் இருபதை நீட்டினார். எழுதி வைத்த விலை ஆயிற்றே, கொடுத்துவிட்டேன். அப்புறம் தன் கடையில் 300 போட்டு வைத்திருந்தார், மனுஷன்!

பிள்ளைகளோடு வருகிறவர்கள் படக்கதை கேட்கிறார்கள். எடைக்கு வரும் புத்தகக் கட்டுகளில் அது கிடைப்பதே இல்லை. நீ ஊருக்கு வரும்போது பேரன் படித்து முடித்ததைக் கொண்டு வா. கிறுக்கியிருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா