உன் மருமகனுக்கு எந்த அடுப்படி?

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மூத்தவள் பேரனோடு தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

உன் மருமகன் கதிர் விஷயத்துக்கு வருகிறேன். ஆர்டருக்குப் பார்சல் மட்டும் அனுப்புகிற கிளவுட் கிச்சனில் சேரலாமா, நள்ளிரவு வரை ஓடுகிற பரோட்டா ஓட்டலில் சேரலாமா, இரண்டிலும் மாதம் பதினாலாயிரம்தானே என்று கேட்டிருந்தாய். இரண்டு இடத்துக்கும் நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பையன் பிழைப்பு என்பதால் கேள்விப்பட்டதை வைத்து எழுத மனம் வரவில்லை.

முதலில் சம்பளக் கணக்கு. கிளவுட் கிச்சனில் பிற்பகல் மூன்று முதல் நள்ளிரவு பன்னிரண்டு வரை ஒரே ஷிப்ட், ஒன்பது மணி நேரம். வாரம் ஒரு நாள் விடுமுறை. மாதம் 26 நாள் என்றால் 234 மணி நேரம். பதினாலாயிரத்தில் அடிப்படைச் சம்பளம் பத்தாயிரம் என்று காட்டுகிறார்கள். மொத்தத்தில் பி.எஃப். 1,200, ஈ.எஸ்.ஐ. 105 பிடித்தம் போக, கையில் 12,695 வரும். ஆனால் பன்னிரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தால் மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்குத் தினமும் எப்படித் திரும்புவான்? நாலு பேரோடு ரூம் எடுத்தால் பங்கு 2,500 ஆகும். அங்கே ஒரு வேளைச் சாப்பாடுதான் தருகிறார்கள், மீதிக்கு 3,500 வைத்துக்கொள். வீட்டுக்கு அனுப்ப 6,695 ரூபாய்தான் மிஞ்சும்.

ஓட்டலில் நாள் கூலி 500. காலை பதினொன்று முதல் மூன்றரை, அப்புறம் ஐந்தரை முதல் பன்னிரண்டு. பதினோரு மணி நேர வேலை. மாதம் இரண்டு நாள்தான் லீவு, அதற்கும் கூலி கிடையாது. 28 நாளுக்குப் பதினாலாயிரம், 308 மணி நேரம். சாப்பாடும் மாடியில் படுக்க இடமும் உண்டு என்பதால் பணம் அப்படியே மிஞ்சும். ஆனால் வாரத்துக்கு எழுபது மணி நேரத்தைத் தாண்டுகிறது. சட்டம் சொல்வது 48. நடுவில் இருக்கிற இரண்டு மணி நேர பிரேக்கையும் ஓய்வு என்று எண்ணிவிடாதே. ஊருக்குப் போய்வர முடியாது, மாடியில் வெக்கையில் புரண்டுவிட்டு இறங்க வேண்டியதுதான்.

பணத்தை மட்டும் பார்த்தால் ஓட்டல். உடம்பைப் பார்த்தால் கிளவுட் கிச்சன். அங்கே ஈ.எஸ்.ஐ. இருப்பதைச் சாதாரணமாக நினைக்காதே. கொதிக்கிற எண்ணெய் முழங்கையில் கொட்டினால் வைத்தியச் செலவு எவ்வளவு என்று அடுப்படியில் இருந்தவனுக்குத்தான் தெரியும். பி.எஃப்.பில் அவன் பங்குக்குச் சமமாக முதலாளியும் போடுகிறார், அதுவும் இவன் பணம்தான்.

ஆனால் மாப்ளே, இரண்டு வருஷம் கழித்து இவன் கைக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்தக் கிளவுட் கிச்சனில் ஃப்ரீசரைத் திறந்து காட்டச் சொன்னேன். தக்காளி வெங்காய கிரேவி, வெள்ளை கிரேவி, பிரியாணி மசாலா எல்லாம் பாக்கெட்டில் தேதி ஒட்டி அடுக்கியிருக்கிறது. வேறு ஊரில் இருக்கும் அவர்களுடைய பெரிய கிச்சனிலிருந்து வருகிறதாம். ஆர்டர் வந்ததும் பையன் தராசில் கிரேவி 120 கிராம், வேகவைத்த சிக்கன் 80 கிராம் வைக்கிறான். இண்டக்‌ஷனில் நாலு நிமிஷம் சூடாக்கி, டப்பாவில் ஊற்றி, சீல் வைக்கிறான். சுவரில் படத்தோடு ஒட்டியிருக்கிறது. வேலை சுத்தம், அளவு சுத்தம், பழைய பாக்கெட்டை முதலில் எடுக்கிற ஒழுங்கும் இருக்கிறது. எந்த ஓட்டல்காரனும் அதைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் இந்த வேலையைப் பதினைந்து நாளில் படித்துவிடுவான். அதற்கு மேல் அங்கே படிக்க ஒன்றும் இல்லை. வெங்காயம் எந்த நிறத்துக்கு வதங்க வேண்டும், தக்காளி புளிப்பு கூடினால் எதைச் சேர்ப்பது என்று தெரியாமலே 'குக்' என்று பட்டம் வாங்கிவிடுவான். அங்கே மேலே போனால் ஷிப்ட் இன்சார்ஜ் ஆகலாம், அது ஆட்களைப் பார்க்கிற வேலை. எல்லா கிளவுட் கிச்சனும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். மூட்டை வெங்காயம் உள்ளே போகிற கிச்சனாக இருந்தால், அங்கேயே சமைக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி ஒன்று கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம்.

ஓட்டலில் சாயங்காலம் பின்பக்கமாகப் போய் நின்றேன். ஒருத்தன் சின்ன வெங்காயம் உரிக்கிறான். மாஸ்டர் மல்லி, சோம்பு, மிளகாய் வறுத்துச் சல்னாவுக்கு அரைக்கக் கொடுக்கிறார். ஹெல்பர் முதலில் காய்வெட்டு, பாத்திரம். அப்புறம் மசாலா அரைப்பு. அதற்கப்புறம் மாவு. பரோட்டா மாவில் தண்ணீர் கூடினால் வீசும்போது கிழியும், ஊறவிடாமல் எடுத்தால் வீச வீசச் சுருங்கிக்கொள்ளும். இதைக் கை படித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். அந்தக் கடையில் கூட்டம் குறைந்த பிறகு, மிஞ்சிய உருண்டைகளைச் சின்னப் பையனிடம் வீசக் கொடுக்கிறார் மாஸ்டர். பையன் வீசியது ஓரத்தில் தடித்திருந்தது. மாஸ்டர் திட்டவில்லை, மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். அந்த இடம் எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

அங்கே கல்லில் நிற்கிற இரண்டாவது ஆளிடம் பேச்சுக் கொடுத்தேன். அவனும் இதே கடையில் பாத்திரம் கழுவ வந்தவன்தான். நீ வேறு எந்தக் கடைக்குப் போனாலும் இதையே கேள்: இப்போது அடுப்பில் நிற்கிறவர் முன்பு இங்கே என்னவாக இருந்தார்? எல்லோரும் வெளியிலிருந்து வந்த மாஸ்டர்கள் என்றால், அந்தக் கடையில் ஹெல்பர் ஹெல்பராகவே இருப்பான்.

ஒரே ஒரு விஷயம் உறுத்துகிறது. சில கடைகளில் மாஸ்டரே ஆட்களைச் சேர்த்து செட்டாகக் கூட்டி வருவார், கூலியும் அவர் கை வழியாகத்தான் போகும். அப்படியானால் கதிர் பெயர் கடைப் பதிவேட்டிலேயே இருக்காது. மாஸ்டருக்கும் முதலாளிக்கும் தகராறு வந்து செட்டு கிளம்பினால், இவனும் மூட்டை கட்ட வேண்டும். இந்தக் கடையில் எப்படி என்று கேட்டதற்கு முதலாளி மழுப்பினார். கூலியைக் கடையே கொடுக்க வேண்டும், பெயரை எழுத வேண்டும், வாரம் ஒரு நாள் லீவு வேண்டும் என்று நீ கூடப் போய்ப் பேசு. அட்வான்ஸ் தருகிறேன் என்பார்கள், வாங்காதே. அது கழிகிற வரை பையன் நகர முடியாது.

முதலாளி ஒத்துக்கொண்டால் கதிரை ஓட்டலில் சேர்த்துவிடு, என் முடிவு அதுதான். சல்னாவும் கல்லும் கைக்கு வந்த பிறகு ஐ.டி.ஐ.யில் ஒரு வருஷ ஃபுட் புரொடக்‌ஷன் படிப்பு படிக்கட்டும். பெரிய ஓட்டலில் கமி என்று கீழ்ப்படியில் நுழையச் சான்றிதழ் கேட்பார்கள். பரோட்டா மட்டும் தெரிந்தவனுக்குக் கூலி நன்றாக ஏறும், செஃப் என்று ஏற அந்தக் காகிதமும் மற்றச் சமையலும் வேண்டும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மேலூர் ரோட்டில் ஒரு மெஸ் இருக்கிறது, அங்கே சாப்பாட்டுச் சமையல் மொத்தமும் படிக்கலாம். கூலி கொஞ்சம் குறைவு, ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கே அடைத்துவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வா. ஆரப்பாளையத்தில் இறங்கினதும் போன் பண்ணு, நான் வந்து சேர்ந்துகொள்கிறேன். சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டத்தில் முதலாளி முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

அன்புடன்,
செல்வம்